டெய்லரக்கா எழுதிய பட்ஜெட் அகராதி

சிறுநீரக நோயாளிகளை வேனில் டயாலிசிஸுக்கு அழைத்துப்போய், திரும்ப வீட்டில் விடும் சின்னத் தொண்டு அமைப்பு அது. டெய்லரக்கா அதில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. சட்டையின் அளவைக் கண்ணாலேயே சொல்லிவிடுவாள். கமிட்டியில் கணக்கர் பேச ஆரம்பித்தால் மட்டும் தலையும் புரியாது, வாலும் புரியாது. மற்றவர்களுக்கு மட்டும் புரிந்ததா என்ன? பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

"இந்த வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் எழுதி ஆளுக்கொரு தாள் குடுங்க தம்பி" என்றாள்.

"நான் எழுதினா அதுவும் புரியாதுக்கா. நீங்க எழுதுங்க, திருத்தித் தரேன்" என்றார் கணக்கர். கேட்டவள் தலையிலேயே விடிந்தது.

துணி வெட்டும் மேசையில் உட்கார்ந்து எழுதினாள். 'நிபந்தனை நிதி: எதற்குத் தந்தார்களோ அதற்கு மட்டும். டயருக்கு வந்த பணத்தில் டீ குடிக்கக் கூடாது.' 'தேய்மானம்: வேன் பழசாகி மதிப்பு குறைவது. அதற்காக இன்று கையிலிருந்து காசு போகாது; ஆனால் ஒருநாள் புது வேன் வாங்கியாக வேண்டும்.' 'மாறுபாடு: திட்டத்துக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம். செலவு குறைந்தால் நல்ல செய்தி. உதாரணம்: போன வருடம் டீசல் பணத்தில் கால்வாசி மிச்சம்.'

கணக்கர் எல்லாவற்றுக்கும் டிக் போட்டார். அந்த மிச்சத்தைக் காட்டித்தான் வரும் வருட டீசல் பணத்தில் கால்வாசியை வெட்ட இருந்தார்கள். டெய்லரக்காவும் கைதூக்கத் தயார்.

படித்தால் புரிகிறதா என்று பார்க்க, தாளை வேன் டிரைவரிடம் கொடுத்தாள். அவர் நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் புரியுதும்மா. இந்த நல்ல செய்திதான் புரியலை."

"ஏண்ணே, மிச்சம்தானே?"

"போன வருஷம் மூணு மாசம் முதுகு ஆபரேஷன் பண்ணிப் படுத்துட்டேன். நீ அப்ப இல்லை. ஓடாத வண்டி எங்கேர்ந்து டீசல் குடிக்கும்?"

"அப்ப நோயாளிங்க?"

"முடிஞ்சவங்க ஆட்டோவுல போனாங்க. நம்ம லைன்மேன் பெரியவர் வாரம் மூணு தடவை போகணும். காசு பத்தாம ரெண்டாக்கிக்கிட்டார். மூச்சு முட்டி ஐசியூல கெடந்தார். இப்ப டீசலை வெட்டினா சனிக்கிழமை டிரிப் நின்னுடும். அவரோட மூணாவது நாள் அதுதான்."

டெய்லரக்காவுக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமைதோறும் வேனில் துணைக்குப் போகும் அவள் கையைப் பிடித்துத்தான் பெரியவர் வேனிலிருந்து இறங்குவார். அவர் மூச்சு முட்டியதைப் போய் நல்ல செய்தி என்று எழுதித் தொலைத்திருக்கிறாளே. வெட்கமாக இருந்தது. அந்த வரியை அடித்தாள்.

கூட்டத்தில் புதிதாக எழுதியதைப் படித்தாள். 'செலவு கூடினாலும் குறைந்தாலும் ஏன் என்று கேட்க வேண்டும். உதாரணம்: போன வருடம் டீசல் மிஞ்சியது. மூன்று மாதம் நாம் யாரையும் ஏற்றவில்லை.'

யாரும் தலையாட்டவில்லை. "எனக்கு எண்ணுதான் வந்துச்சு. ஏன்னு நானும் கேக்கலை" என்றார் கணக்கர். வரைவில் வெட்டியிருந்த டீசல் பணத்தைத் திரும்பச் சேர்த்தார். மாற்று டிரைவர் சம்பளம் என்று கீழே இன்னொரு வரியும் போட்டார்.

சனிக்கிழமை பெரியவர் வேனில் ஏறும்போது கேட்டார். "உன் தாள்ல நான் இருக்கேனாமே?"

"பேர் போடலைப்பா. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலம்மா. அதான் கணக்குப் பாக்கறீங்களே, அதுலயே தெரிஞ்சுடும்னு நெனச்சேன்."

அவள் அவருக்கு சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டாள்.