ஐந்து மீட்டரில் தொண்ணூற்றொன்பது

முக்குளிக்கும்போது கட்டுகிற அந்தக் கைக்கடிகாரம் என் தம்பியுடையது. எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன் அவன். போன வருடம் ஏதோ வேகத்தில் டைவிங் படித்து முடித்து, யாரோ பயன்படுத்திய கடிகாரம் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தான். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கும் நான், நாள் முழுக்க அளவு எண்களோடு ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவனுக்குப் பொறுக்கவில்லை.

"முப்பத்தெட்டு வயசாச்சுக்கா. கோலசிலாங்கூர்ல பொறந்துட்டு கடலுக்குள்ள என்னா இருக்குன்னு பாக்காமயே போயிருவியா? நம்ம ஊரு கடல்ல சேறுதான் லா தெரியும். பெர்ஹெந்தியான் தீவுக்கு வா."

புக்கிட் பெலிம்பிங் வீட்டில் சாப்பாட்டு மேசைதான் எனக்கு வகுப்பறையானது. முதல் நாள் கடிகாரத்தை ஒரு வாளித் தண்ணீருக்குள் போட்டான். ஆழம் காட்டும் இடத்தில் வெறும் கோடுகள்தான் வந்தன. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். ஒரு மீட்டருக்கு மேல் இறங்கினால்தான் முக்குளிப்பு தொடங்கியதாக அது எடுத்துக்கொள்ளும் என்றான். பிறகு பழைய முக்குளிப்பின் பதிவு ஒன்றைக் காட்டி, திரையில் வரும் எண்களை வரிசையாகச் சொல்லிக்கொடுத்தான்.

"மேல பெருசா வர்றது ஆழம். கீழ இடது பக்கம், தண்ணிக்குள்ள எத்தன நிமிஷம் ஆச்சுங்கறது. வலது பக்கம் மீதி நிமிஷம்."

ஆழம், ஆன நிமிஷம், மீதி நிமிஷம். ஸ்கூல் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தேன். எதற்கு மீதி என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீச்சல்குளத்தில் வகுப்பு முடிந்து தீவுக்குப் போனோம். பயிற்சியாளர் ஒரு மலாய்ப் பெண். வெயிலில் கறுத்த, அதிகம் பேசாத ஆள். படகில் போகும்போது திரும்பத் திரும்ப அவர் சொன்னது இரண்டு விஷயம். மெதுவாக மேலே வர வேண்டும். வரும் வழியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். நிற்க வேண்டிய நேரம் வந்ததும் கடிகாரமே சத்தம் கொடுக்கும். நெடுநேரம் ஆழத்தில் இருந்து அளவைத் தாண்டிவிட்டால் அது வேறு கதை, அப்போது கடிகாரம் சொல்லும்வரை மேலே வரவே கூடாது, வந்தால் ரத்தத்தில் குமிழி கட்டும் என்றும் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியம்தான் என் மனதில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்தது.

மூன்றாவது முக்குளிப்பில் பதினேழு மீட்டர் வரை போனோம். தம்பி கடையில் வாடகைக்கு எடுத்த கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கூடவே வந்தான். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மீன்கள் இருந்தன. நான் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு புள்ளி நான்கு. இருபத்தொரு நிமிடம். பதினாறு புள்ளி எட்டு. இருபத்திரண்டு நிமிடம்.

முப்பத்தோராவது நிமிடத்தில் பயிற்சியாளர் கட்டை விரலை உயர்த்தினார். கரையில் 'நல்லாருக்கு' என்று காட்டுகிற அதே விரலுக்குத் தண்ணீருக்குள் 'மேலே போவோம்' என்று அர்த்தம். ஏறினோம். ஒருமுறை கடிகாரம் கீச் கீச்சென்று கத்தியது. வேகமாக ஏறுகிறேனாம். காலை அடிப்பதை நிறுத்தினேன். ஆறு மீட்டரைத் தொட்டதும் வேறு மாதிரி சத்தம். திரையில் STOP என்று வந்தது, பக்கத்தில் 3:00. அது 2:59 ஆனது. சரி, இதுதான் அந்த மூன்று நிமிடம் என்று மூச்சுவிட்டேன்.

அப்போதுதான் வலது பக்க மூலையைப் பார்த்தேன். 99.

மீதி நிமிஷம்.

தொண்ணூற்றொன்பது நிமிடம் இங்கேயே நிற்க வேண்டும் என்று கடிகாரம் சொல்கிறது. காற்றின் அளவைக் காட்டும் மானியைத் திருப்பிப் பார்த்தேன். அழுத்தம் எழுபது 'பார்' என்று காட்டியது. இறங்கும்போது இருநூறு இருந்தது, அரை மணி நேரத்தில் இவ்வளவு போய்விட்டது. கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. மேலே போனால் ரத்தத்தில் குமிழி, இங்கே இருந்தால் காற்று தீரும். தலைக்கு மேல் வெள்ளி மாதிரி வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. நம் வீட்டுக் கூரையைவிடக் கொஞ்சம்தான் உயரம். போக முடியாது.

பயிற்சியாளரிடம் நீந்திப் போய் அந்த எண்ணைச் சுட்டிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். விரலை வட்டமாக வைத்து 'எல்லாம் சரி' என்றார்.

எல்லாம் சரியா? வாயில் மூச்சுக்குழாயை வைத்துக்கொண்டு கத்த முடியாது. மறுபடியும் காட்டினேன். மறுபடியும் வட்டம். என் வாழ்க்கையில் ஒரு மனுஷி மீது எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை.

மூச்சு இரைத்தது. இழுத்த காற்றை முழுசாக விடாமல் மேலும் மேலும் இழுத்திருக்கிறேன் போல. நெஞ்சு பலூன் மாதிரி நிறைந்து, நான் தானாக மேலே மிதந்தேன். நான்கு, மூன்று, இரண்டு புள்ளி எட்டு. எண்ணிக்கை 1:52-இல் அப்படியே நின்றுவிட்டது. சரியான ஆழத்தில் இல்லாவிட்டால் அது எண்ணாது என்பது எனக்குத் தெரியாது. இப்போது கடிகாரமும் என்னைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்தேன்.

எங்கிருந்தோ எஞ்சின் சத்தம். தண்ணீருக்குள் அது எந்தப் பக்கம் என்று தெரியாது, எல்லாப் பக்கமும் கேட்கும். யாரோ என் கால் துடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். பயிற்சியாளர்தான். ஒரு கையால் என் தோள் பட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை மட்டமாக வைத்தார். இங்கேயே இரு. ஒரு படகின் கறுத்த அடிவயிறு எங்கள் தலைக்கு மேல் கடந்து போனது.

பிறகு அவர் தன் வாயருகே விரல்களைக் குவித்து, மெதுவாக விரித்தபடி முன்னால் நீட்டினார். வெளியே விடு. அவர் குமிழிகள் நீளமாகப் போயின. நானும் விட்டேன். உடம்பு இறங்கியது. ஐந்து புள்ளி ஒன்று. 1:51. 1:50.

தம்பி எதிரில் வந்து நின்றான். அவன் கடிகாரத்தில் எண்ணிக்கை எனக்கு முன்பே முடிந்தது. அவன் மேலே போகவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண்கள் பெரிதாக இருந்தன. என் கையைப் பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் பிறகு நாங்கள் கை பிடித்ததே இல்லை. மணிக்கட்டைப் பார்க்க முடியாதபடி கடிகாரம் கட்டிய கையைத்தான் பிடித்திருந்தான் என்பதால் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு மூச்சுவிட்டேன்.

சத்தம் வந்தது. தம்பி கையை விட்டதும் பார்த்தேன், மூலையில் இன்னும் 99 இருந்தது. ஆனாலும் பயிற்சியாளர் கட்டை விரலை உயர்த்தினார். செத்தால் சாகிறேன் என்று ஏறினேன்.

மேலே வந்து, மிதவை உடுப்பில் காற்று நிரப்பிக்கொண்டதும், "தொண்ணூத்தொம்போது நிமிஷம் இருக்குன்னு போட்டிருக்கு, ஏன் மேல கூட்டிட்டு வந்தீங்க?" என்று பயிற்சியாளரிடம் மலாயில் அழுதேன்.

அவருக்குப் புரியச் சில வினாடிகள் ஆயின. சிரிக்கவில்லை. அந்த எண் நான் நிற்க வேண்டிய நேரம் இல்லை, கட்டாய நிறுத்தம் வராமல் இந்த ஆழத்தில் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதைக் காட்டுவது என்றார். தொண்ணூற்றொன்பதுக்கு மேல் காட்ட இடமில்லாததால் அதிலேயே நிற்குமாம். "அது பெரிதாக இருக்க இருக்க உனக்கு நல்லது. பூஜ்யம் ஆனால்தான் பயப்பட வேண்டும். அந்த மூன்று நிமிடம்கூடப் பாதுகாப்புக்குத்தான். காற்று குறைந்திருந்தால் அதை விட்டுவிட்டு உன்னை மெதுவாக மேலே கொண்டுவந்திருப்பேன். உன்னைப் பிடித்து வைத்தது கடிகாரத்துக்காக இல்லை, படகுக்காக."

மானியைப் பார்த்தேன். ஐம்பது.

தம்பி படகில் ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு, "மீதி நிமிஷம்னு நாந்தானக்கா சொல்லிக் குடுத்தேன்," என்றான்.

"நீ ஏண்டா மேல போகல? உனக்குத்தான் முடிஞ்சிருச்சே."

"உன்னுது ஓடிக்கிட்டு இருந்துச்சுல்ல."

மறுநாள் நான்காவது முக்குளிப்புக்கு வரமாட்டேன் என்றுதான் காலையில் சொன்னேன். பயிற்சியாளர் வற்புறுத்தவில்லை. அவர் தன் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்து, ஒவ்வொரு எண்ணும் என்ன என்று என்னையே சொல்லச் சொன்னார். சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். பத்து மணிக்குப் படகில் ஏறினேன். நிறுத்தத்தில் பயம் இருந்தது, ஆனால் மூன்று நிமிடம் மூன்று நிமிடமாகவே முடிந்தது.

அன்று சாயங்காலம் அம்மா போனில் கேட்டார். "கடலுக்குள்ள என்னா பாத்த?"

"நம்பர்தான் பாத்தேன்மா," என்றேன்.

"அதத்தான் ஃபேக்டரியிலயே பாக்கறியே," என்றார் அம்மா.