சரிங்க கேட்ட ஆறாவது கேள்வி

என் வீட்டுக்காரரை அவர் வேலை பார்க்கும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சரிங்க' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டால் சரிங்க. இந்த மாதத்து மிகைநேரப் படி அடுத்த மாதம்தான் என்றால் அதற்கும் சரிங்க. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூட வாயைத் திறக்க மாட்டார். கல்யாணமான புதிதில் இதைப் பெருந்தன்மை என்று நினைத்து நான் ஏமாந்துபோனேன். பெருந்தன்மையாவது ஒன்றாவது, எல்லாம் கூச்சம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக அதே கம்பெனி. லிஃப்ட் நின்றுபோனால்தான் அவரைக் கூப்பிடுவார்கள் என்பதால், ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் எல்லாம் படியேறியே போயிருக்கிறார். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே வேலை பார்ப்பார். "பதறாதீங்க, நான் வந்துட்டேன்" என்று அவர் சொன்னால் அழுதுகொண்டிருக்கிற குழந்தைகூட அடங்கிவிடும். வீட்டுக்கு வந்தால் எங்களுக்கு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வலது முழங்கால் போன வருடமே மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது.

அதனால்தான் புது வேலை. வேறொரு கம்பெனி, பக்கம் பக்கமாக மூன்றே கட்டடங்கள். ஊர் முழுக்க வண்டியில் அலைய வேண்டாம். நேர்காணல் முடிந்து பத்தே நாளில் வேலைக் கடிதம் வந்தது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வருடத்துக்கு ஆறு லட்சம். அவர் பன்னிரண்டால் வகுத்து மாதம் ஐம்பதாயிரம் என்றார். இப்போது படியெல்லாம் சேர்த்து முப்பத்தேழாயிரம் வாங்குகிறார். தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். வாடகை கொஞ்சம் கூடுதல். ஐம்பதாயிரத்தில் அதெல்லாம் ஒரு பொருட்டா? அன்று அவர் மாடிப்படியில் விசிலடித்துக்கொண்டே ஏறினார்.

நான் பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். பில்லை வரிவரியாக விளக்கிச் சொல்வதுதான் நாள் முழுக்க என் பிழைப்பு. பழக்கதோஷம், மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். அந்த ஆறு லட்சத்துக்குள் கம்பெனி தன் பங்காகக் கட்டும் வைப்பு நிதி இருந்தது. பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, காப்பீட்டுப் பிரீமியம் இருந்தன. சேரும்போது ஒரே ஒரு தடவை தரும் நாற்பதாயிரமும் இருந்தது, அதுவும் ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும். வருடக் கடைசியில் வேலையை எடைபோட்டுத் தரும் ஊக்கத்தொகை அறுபதாயிரம். எல்லாம் போக மாதச் சம்பளம் என்று நின்றது முப்பத்தாறாயிரம். அதிலும் அவருடைய பங்கு வைப்பு நிதியும் வரியும் பிடிப்பார்கள். அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி: இந்தப் பதவிக்கு மிகைநேரப் படியும் அவசர அழைப்புப் படியும் கிடையாது. அவருக்கு மாதம் ஆறாயிரத்துக்குக் குறையாமல் வருவதே அந்த அழைப்புகளில்தான்.

ஆக, முழங்காலையும் வீட்டையும் நினைத்து இந்த வேலைக்குப் போனால் கைக்கு வருவது இப்போதையதைவிடக் குறைவு. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், அதே நாளில் பழைய இடத்தில் ராஜினாமாவும் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் திரும்பிப் போக வழியில்லை.

எழுதிக் கேளுங்கள் என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"கேட்டா, ரொம்பப் பேசுற ஆளுன்னு வேற ஆளப் பாத்துக்குவாங்க."

"என்கிட்ட பில்லப் பத்திக் கேக்குறவங்கள நான் வெளியவா அனுப்புறேன்?"

ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து எழுதினார். முதல் நாலு வரியும் மன்னிப்பு. தொந்தரவுக்கு மன்னிக்கவும், தங்கள் பொன்னான நேரத்துக்கு மன்னிக்கவும். எல்லாவற்றையும் அடித்தேன். மிஞ்சியது ஐந்து கேள்வி. பிடித்தம் போக மாதம் கைக்கு எவ்வளவு வரும், ஊக்கத்தொகையை யார் எதை வைத்து முடிவு செய்வார்கள், ஒருமுறைத் தொகை இல்லாத இரண்டாம் வருடத்தில் மொத்தம் என்ன, வைப்பு நிதியை எந்தத் தொகையின் மேல் கணக்கிடுகிறீர்கள் என்று நான்கு. ஐந்தாவது அவரே யோசித்து எழுதியது: "லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் வேலை நேரம் முடிந்த பிறகும் நான்தான் வர வேண்டும் என்று நேர்காணலில் சொன்னார்கள். வருவேன். அதற்கான படி இந்தப் பட்டியலில் எந்த வரியில் இருக்கிறது?"

அனுப்பியது, ஆள் சேர்க்கும் பிரிவில் இவரிடம் பேசிய பெண்ணுக்கு. திங்கள் பதில் இல்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை அவர் சாப்பிடவே இல்லை. கேள்வியையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தவரின் கையிலிருந்து போனைப் பிடுங்கி வைத்தேன். பிடுங்கினேனே தவிர, எனக்கும் பயம்தான். நான் சொல்லித்தானே எழுதினார்.

வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை, எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. பதினொரு மணிக்கு அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். இவர் ஸ்பீக்கரில் போட்டார். அவள் நேரடியாக விஷயத்துக்கு வந்தாள். முதல் நான்கு கேள்விக்கும் எண்ணோடு பதில் தயாராம். ஐந்தாவதைப் பார்த்துத்தான் துறைத்தலைவரிடம் விசாரித்திருக்கிறாள். முதுநிலை மெக்கானிக் என்ற பதவிப் பெயரைப் பார்த்து, மேற்பார்வையாளர்களுக்கான படிவத்தில் கடிதம் அடித்துவிட்டாளாம். மேற்பார்வையாளருக்குத்தான் ஊக்கத்தொகை அதிகம், அழைப்புப் படி கிடையாது. மெக்கானிக்குக்கு ஊக்கத்தொகை பாதிதான், ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் தனியாகப் படி உண்டு.

"திருத்தி அனுப்பினா முதல் பக்கத்துல அஞ்சு லட்சத்து எழுபதாயிரம்னுதான் இருக்கும் சார். அழைப்புப் படி மாசத்துக்கு மாசம் மாறுறதால மொத்தத்துல காட்ட மாட்டோம். ஆனா கைக்கு வர்றது கூடும். நம்பர் குறையுதேன்னு நினைச்சுக்காதீங்க. என்னோட தப்புதான்."

இப்போது வரும் அளவுக்கே அழைப்பு வந்தால் எல்லாம் போக முப்பத்தொன்பதாயிரத்தைத் தொடும். ஐம்பதாயிரம் இல்லை. தரைத்தள வீட்டுக்குப் போதும். சரிங்க என்று சொல்லிவிட்டு வைப்பார் என்று காத்திருந்தேன். அந்தப் பெண்தான், பேச்சுவாக்கில், இவரோடு எடுத்த நாலு மெக்கானிக்குகளுக்கும் அதே படிவம் போயிருக்கிறது, அவர்கள் கேட்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள் என்றாள்.

இவர் போனை வைக்கவில்லை. நான் கண்ணைக் காட்டினேன், போதும், வையுங்கள் என்று. திருத்திய கடிதம் இன்னும் கைக்கு வரவில்லையே.

"மேடம், இன்னும் ஒண்ணு கேக்கணும்," என்றார். "அந்த நாலு பேருக்கும் மாத்திக் குடுப்பீங்களா?"

கையெழுத்தானதை மாற்ற மேலிடத்து ஒப்புதல் வேண்டும், தானாகப் போய்த் தன் தப்பைச் சொல்வது சங்கடம், ஆனால் நீங்கள் இதையும் எழுத்தில் கேட்டால் மேலே வைக்க வசதியாக இருக்கும் என்றாள். ஆகாது என்று சொல்லவில்லை. அவளும் நல்ல பெண்தான்.

அவர் உடனே எழுதினார். நான் பக்கத்தில் உட்காரவில்லை. அனுப்பிய பிறகு வாங்கிப் பார்த்தேன். மூன்றே வரி, ஒரு மன்னிக்கவும் இல்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க, வேலை கிடைப்பதற்கு முன்னாலேயே சங்கம் வைத்துவிட்டீர்களா என்று சிடுசிடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை திருத்திய கடிதம் வந்தது. மூன்றாம் பக்கத்தை அவரே முதலில் திருப்பினார். மத்தியானம் ராஜினாமா கொடுத்தார்.

புது இடத்தில் சேர்ந்த முதல் வாரம், அந்த நாலு பேரில் ஒருவர் டீ குடிக்கும்போது இவரிடம் சொன்னாராம், கம்பெனியே பார்த்துச் சம்பளத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறது, இந்தக் காலத்தில் இப்படி ஒரு கம்பெனியா என்று. இவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"சரிங்கன்னேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நான் எழுதிக் கேட்டுத்தான் மாத்தினாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

தரைத்தள வீட்டு வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும் கேக்கலையே," என்றார்.