உள்ளதை எழுதி விற்ற சவுரி

தாராவியில் அக்காவும் நானும் ஆன்லைனில் சவுரி விற்கத் தொடங்கினோம். முதல் தரம் என்று வியாபாரி அனுப்பிய முடியில் ஒரு கொத்தை அலசிப் பார்த்தேன். வேரும் நுனியும் மாறிக் கிடந்ததால் சிக்கு விழுந்தது; வெட்டி எடுத்த முடியல்ல, சீப்பில் உதிர்ந்ததைச் சேர்த்துக் கட்டியது.

"சீப்பில் உதிர்ந்த முடி. மூன்றாம் தரம். அலசினால் சிக்கு விழும், ஓரிரு நாளைக்குத்தான் தாங்கும்" என்று எங்கள் விற்பனைப் பக்கத்தில் எழுதி விலையைக் குறைத்தேன்.

"ஏட்டி, இப்படி எழுதுனா எவ வாங்குவா?" என்றாள் அக்கா.

நான்காம் நாள் மாட்டுங்காவிலிருந்து ஒரு நடன ஆசிரியை அழைத்தார். "ஆண்டு விழாவுக்கு ஒருநாள் பின்னல் போதும்மா. எல்லாரும் முதல் தரம்னே போடறா. நீங்கதான் உள்ளதை எழுதியிருக்கேள். இருக்கறது அத்தனையும் வேணும்."

அன்று மாலையே அக்கா வியாபாரியை அழைத்தாள். "இனிமே அலசிப் பாத்துட்டுத்தான் எடுப்போம்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.