ஒரே பிளேடு, ஒரு மாதம்

வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் அவருக்குப் பெயர் "கணக்கு". எதற்கெடுத்தாலும் வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுவார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டவர் என்பது அவருக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். தன்னை நினைத்து அவரே அவ்வப்போது சிரித்துக்கொள்வார்.

பெயிண்ட் அறைக்குள் மாஸ்க் இல்லாமல் நுழைய முடியாது. மாஸ்க் தோலோடு ஒட்டி உட்கார வேண்டும் என்றால் தினமும் சவரம் செய்தாக வேண்டும். நம் ஆளோ ஐந்து பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜ் ரேசர்காரர். இரண்டு வாரத்துக்கொரு முறை மாற்ற வேண்டியதை ஒன்றரை மாதம் இழுப்பார். அது முடியை வெட்டுவதை நிறுத்திப் பிடுங்கத் தொடங்கும். தாடைக்குக் கீழே பொரி பொரியாகக் கிளம்பும். எரிச்சல் தாங்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம். அதிலும் ஒரு மிச்சம் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டவர் அவர்.

மாஸ்க் பரிசோதனைக்கு வந்த பெண் அவர் தலைக்கு மேல் ஓர் உறையைக் கவிழ்த்து, உள்ளே கசப்பு மருந்தைத் தெளித்தாள். கசந்தால் மாஸ்க்கில் இடைவெளி என்று அர்த்தம். அவருக்கு வேப்பங்காயாய்க் கசந்தது.

"முள்ளுமுள்ளா தாடி இருக்கு சார், காத்து உள்ள போகுது. ஒரு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம். அப்பவும் இப்படின்னா உங்களுக்குக் கிடங்கு வேலைதான்."

பெயிண்ட் அறைதான் அவர் உயிர். கிடங்கில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்க அவரால் ஆகாது. அன்றைக்கே ஒற்றை பிளேடு போடும் சேஃப்டி ரேசர் வாங்கினார். கைப்பிடியின் விலைக்கு ஆறு கார்ட்ரிட்ஜ் வாங்கலாம். ஆனால் ஒரு கார்ட்ரிட்ஜ் காசுக்குப் பத்து பிளேடு வரும். ரேசரோடு ஒரு பிளேடு இலவசமாக வேறு வந்தது. அதை வைத்தே மாதத்தை ஓட்டுவது என்று முடிவு கட்டினார்.

முதல்நாள் பழக்கதோஷத்தில் அழுத்தி இழுத்தார். கார்ட்ரிட்ஜின் தலை முகத்துக்கு ஏற்றபடி தானே வளையும், இது வளையாது. முகத்தில் நாலு இடத்தில் காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டு காப்பி குடிக்க வந்தார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, பெயிண்ட் அடிக்கறப்ப ஸ்ப்ரே கன்னைக் கொண்டுபோய் வண்டி மேல வெச்சு அமுக்குவீங்களா?"

"அதெப்படி? அமுக்கவே கூடாது, கை லேசா..." என்று தொடங்கியவர் தாடையில் ஒட்டிய காகிதத்தைத் தடவினார். இருபது வருஷமாக ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது தன் தாடைக்கு எட்டவில்லை!

மறுநாளிலிருந்து ரேசரின் எடையையே வேலை செய்யவிட்டார். கொஞ்சம் சாய்த்து, சின்னச் சின்ன இழுப்பாக, முடி வளரும் திசையிலேயே. இரண்டு வாரத்தில் கீறல் நின்றது. மூன்றாம் வாரம் பொரிகள் அடங்கின. நாளுக்கு நாள் பிளேடு வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்துத் தன் கைராசியைத் தானே மெச்சிக்கொண்டார்.

இரண்டாம் பரிசோதனையில் துளிக்கூடக் கசக்கவில்லை. கால் தரையில் படாமல் பட்டறைக்குள் வந்தார். "ஒரே பிளேடு, ஒரு மாசம்! வருஷத்துக்குப் பன்னண்டு பிளேடு. ஒண்ணேகால் கார்ட்ரிட்ஜ் காசுப்பா!" என்று முழங்கினார். வண்டியின் பள்ளங்களுக்குப் பட்டி பூசுகிறவன் வாயைப் பிளந்தான். அன்று மாலையே அவனும் ஒன்று வாங்கிவிட்டான்.

வீட்டில் அதே முழக்கம். மனைவி, மூடியில் உண்டியல்போல் கீறல் போட்ட பால்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து ஆட்டினாள். உள்ளே கலகலத்தது.

"என்னது?"

"நாலு பழைய பிளேடு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான்தான் புதுசு வாங்கி மாத்தினேன். உங்க கையில விட்டா உங்க தோலுதான் தேயும்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா கேப்பீங்களா? கணக்கு உங்களோடது, மூஞ்சிய தினமும் பாக்கறவ நானு. நீங்க கிடங்குல போய் உக்காந்தா அந்த மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத்தானே தெரியும்."

அவர் டப்பாவை வாங்கி ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு மனக்கணக்கில் இறங்கினார். வாரம் ஒன்று, வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு, ஐந்து கார்ட்ரிட்ஜ் காசு. ஒழுங்காக மாற்றினால் கார்ட்ரிட்ஜே இருபத்தாறு ஆகும். ஆக, உண்மையைச் சொன்னாலும் லாபம்தான். பொய்யான கணக்கைத்தான் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்.

சில வாரம் கழித்துப் பட்டி பூசுகிறவன் சிவந்து வீங்கிய தாடையோடு வந்து நின்றான்.

"அண்ணே, அந்த ஒரே பிளேடு எப்படிண்ணே ஒரு மாசம் வந்துச்சு? எனக்குப் பத்து நாளுலயே பிடுங்குது."

கணக்கு மாஸ்க்கைக் கழற்றினார். பட்டறையே காது கொடுத்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு இல்லப்பா, அஞ்சு. மாத்தினது உங்க அண்ணி."