வராவிட்டால் வாங்க வேண்டியது

எங்கள் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு நின்றுவிடப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது ஒரு பெப்ரவரியில். எங்கள் நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் தமிழ் முதியவர்களுக்கு வாரம் ஒருமுறை சமைத்துக் கொடுத்துவந்தோம். சிலர் வாய்திறந்து கதைப்பதே அன்றைக்குத்தான். உதவிப்பணம் தருகிறவர்கள் அடுத்த வருட விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். செலவில் ஒரு பங்கு உங்களுடையதாக இருக்கவேண்டும், நீங்கள் பூச்சியம் போட்டிருக்கிறீர்கள் என்றார்கள்.

காசுக்கு எங்கே போவது? ஆனால் பொருளாகவும் உழைப்பாகவும் தருவதைக் கணக்கில் காட்டலாம் என்று விதி இருந்தது. நான் புவாண்ட்-கிளேரில் ஒரு கொம்பனியில் கணக்கு எழுதுகிறவள். குழுவில் மற்ற எவருக்கும் இந்தச் சொற்கள் பிடிபடவில்லை. ஆகவே எளிய தமிழில் ஒரு சொல்விளக்கம் எழுதினேன். “ஒதுக்கிய நிதி: அரிசிக்கென்று தந்த காசில் கதிரை மேசை வாங்கக் கூடாது.” “பற்றாக்குறை: வந்ததைவிடப் போனது கூட.” இவற்றைச் சிரித்துக்கொண்டே ஏற்றார்கள். “பொருள்வகைப் பங்களிப்பு”, அதாவது காசுக்குப் பதிலாகத் தரும் பொருளும் உழைப்பும், என்ற சொல்லில் வந்து எல்லாம் நின்றது.

சமையலுக்குப் பொறுப்பான மன்னார் அக்கா எத்தனை மணித்தியாலம் வேலை செய்கிறார் என்று சொல்ல மறுத்துவிட்டார். ஆண்டவருக்குச் செய்வதற்கு விலை போட்டால் அது கூலியாம். மற்றச் சமையற்காரரும் அவர் பக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விண்ணப்பம் திங்கட்கிழமை போயாகவேண்டும். அந்த விளக்கத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். பஸ்ஸுக்குள் இருந்து அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் குழு கூடியபோது, கடைசியாக எழுதியதை வாசித்தேன்: “நாங்கள் வராவிட்டால் காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஒருவருக்கும் காசு கைமாறாது. வரவிலும் செலவிலும் ஒரே தொகையாக எழுதப்படும்.”

அக்கா திரும்பவும் வாசிக்கச் சொன்னார். பிறகு, மரக்கறி வெட்டுவதிலிருந்து சட்டி கழுவுவது வரை தன்னுடையதும் மற்றவர்களுடையதுமான மணித்தியாலங்களை மளமளவென்று சொன்னார். சமையற்காரருக்கு இங்கே கொடுக்கும் சம்பளத்தால் பெருக்கி வருடத்துக்குக் கூட்டினேன். எங்கள் பங்கு மட்டுமட்டாக நிரம்பியது. பெரும்பகுதி அவருடையதுதான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் அந்தத் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, இது வாற வருசத்துக்கோ?”

ஏப்ரலில் தொடங்கும் வருடத்துக்கு என்றேன்.

“மகன் ரொறன்ரோவிலை வீடு வாங்கிப்போட்டான். ஜூனிலை என்னையும் கூட்டிக்கொண்டு போறான். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் இருந்தனான். பேந்து நான் இல்லாமல் இந்த மணித்தியாலங்களை ஆர் தருவினம்?”

மேசையைச் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தேன். எல்லாரும் குனிந்துகொண்டார்கள். ஜூனுக்குப் பிறகு வரும் அவருடைய மணித்தியாலங்களை வெட்டிவிட்டுத் திரும்பக் கூட்டினேன். காணாது, எங்கள் பங்கு நிரம்பவில்லை. அடுத்த வெள்ளி வந்து காத்திருக்கப் போகிறவர்களுக்குச் சாப்பாடு நிற்கப்போவதை யார் சொல்வது என்று ஒருவரும் கேட்கவில்லை.