படத்தில் மட்டும் இருந்த பட்டைகள்

பரமக்குடியில் பெரியப்பாவின் சேலைக் கடைக்குப் பின்னால், சரக்கு அடுக்கும் அறை ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது. மூன்று பக்கமும் அலமாரிகள். நான்காவது பக்கம் கடைக்குள் திறக்கும் கதவு. கல்லூரி முடிந்ததும் மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை நான் அங்கே இருப்பேன். எங்கள் ஊரிலிருந்து தினமும் பேருந்தில் வந்து படிக்க முடியாது என்பதால் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தேன். கடையின் இணையதளத்துக்குப் படம் எடுத்துப் போடும் பொறுப்பு அப்படியே என்னிடம் வந்தது. யாரும் அதை வேலை என்று சொன்னதில்லை. வேலை என்றால் விட்டுவிட்டுப் போகலாம். வீட்டுப் பிள்ளை செய்கிற உதவியை எப்படி விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கேமராவில் எடுத்த படம் ஆறாயிரம் பிக்சல் அகலம் இருக்கும். இணையதளத்துக்கு ஆயிரம் போதும். சுருக்குவதற்கு ஒரு இலவச மென்பொருள் வைத்திருந்தேன். எந்த முறையில் சுருக்க வேண்டும் என்று அது கேட்கும்: நியரஸ்ட் நெய்பர், பைலினியர், லான்சோஸ். முதல் நாளே மூன்றையும் ஒரு பட்டுச் சேலையில் போட்டுப் பார்த்தேன். முதலாவதில் ஜரிகை ஊசி முனை போலத் தெறித்தது. மற்றவை மங்கலாகத் தெரிந்தன. முதலாவதையே தேர்ந்தெடுத்தேன், போதாதென்று அதன் மேல் விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனையும் ஏற்றினேன். மற்ற கடைகளின் படங்களைவிட எங்கள் படங்கள் துல்லியமாக இருப்பதாக எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மாதம் கழித்துச் சேலைகள் திரும்பி வரத் தொடங்கின. எல்லாம் ஒரே நெசவாளர் நெய்தவை: மெரூனும் வெள்ளையும் இரண்டிரண்டு இழையாக மாறி மாறி வரும் பொடிக்கட்டம். கட்டம் அவ்வளவு சிறியது என்பதால், கையில் பிடித்துப் பார்த்தால்தான் கட்டம். இரண்டடி தள்ளி நின்றால் வெறும் இளஞ்சிவப்பு. திருப்பி அனுப்பியவர்கள் அனைவரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள். படத்தில் அலை அலையாகப் பட்டைகள் இருந்தன. வந்த சேலையில் அவை இல்லை.

பெரியப்பா நெசவாளரை வரச் சொன்னார். அறுபதை நெருங்கும் மனிதர், மெலிந்த உடம்பு; பதினைந்து வருடமாக எங்கள் கடைக்குத்தான் நெய்கிறார். நீளவாக்கு நூலான பாவு கடையிலிருந்து போனால்தான் அவர் தறியில் வேலை. நான் பின்னறையில் இருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

“இதப் பாருங்கண்ணே,” என்று பெரியப்பா அவர் முன்னால் போனை நீட்டினார். “இது நீங்க மொத கொடுத்த சேலை. இதத்தான் போட்டோ எடுத்தோம், அது வித்துப்போச்சு. அடுத்து வந்ததுல இந்த வளைவைக் காணோம்.”

நெசவாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். வெகு நேரம் பார்த்தார்.

“மொதலாளி, இது நான் நெய்யல.”

“பின்ன ஆரு நெய்ஞ்சா? உங்க சீட்டு ஒட்டி இருக்கே.”

“சேலை எனதுதான். இந்த வளைவு எனதில்ல. குறுக்க ஓடுற ஊடை நூலு நேராத்தான் போகும். பாவு நேராத்தான் நிக்கும். நூலு இப்படிப் பாம்பு கெணக்கா வளைஞ்சு போகாது. எந்தத் தறியிலயும் இது வராதுங்க.”

“போட்டோ பொய் சொல்லுமாண்ணே?”

“அது எனக்குத் தெரியாது. நூலு சொல்லாது.”

பெரியப்பா சிரிக்கவில்லை. போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். “ஒண்ணு இந்த வளைவோட நெய்ஞ்சு குடுங்க, கேக்குறாக. இல்லாட்டி நீங்க என்ன மாத்துனீகன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் அடுத்த பாவை நிப்பாட்டி வச்சிருக்கேன்.”

நெசவாளர் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். பின்பு, “வாரேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் படியிறங்கும்வரை நான் மௌஸைத் தொடவில்லை. நூல் வளையாது என்று அவர் சொன்னது எனக்குப் புரிந்திருந்தது. என்னைச் சுற்றி அடுக்கியிருந்த துணிகளில் எதிலும் நூல் வளைந்திருக்கவில்லை. வளைந்திருந்தது என் திரையில் மட்டும்தான்.

மறுநாள் மூன்று மணிக்கு அந்தச் சேலையின் மூலப் படத்தைத் திறந்து முழு அளவில் பெரிதாக்கினேன். கட்டங்கள் இருந்தன, நேராக, ஒழுங்காக. ஒரு கட்டத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம்வரை எண்ணினேன். சுமார் ஏழு பிக்சல். துணி லேசாகச் சாய்ந்த இடங்களில் ஆறரை. பட்டை என்று எதுவும் இல்லை. அதே படத்தை என் வழக்கமான முறையில் ஆயிரத்துக்குச் சுருக்கினேன். பட்டைகள் வந்தன. தொள்ளாயிரத்துக்குச் சுருக்கினேன். பட்டைகள் இருந்தன, ஆனால் அகலம் மாறி, வேறு பக்கம் வளைந்திருந்தன. சேலையில் இருக்கும் பட்டை என்றால், படத்தின் அளவை மாற்றும்போது இடம் மாறாது.

அப்போதுதான் நான் தேர்ந்தெடுத்த முறை என்ன செய்கிறது என்பதை உட்கார்ந்து படித்தேன். அது ஆறு பிக்சலுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மீதி ஐந்தையும் தூக்கிப் போடுகிறது. ஏழுக்கு ஒருமுறை திரும்பி வரும் கட்டத்தை ஆறுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால், முதல் பார்வையில் வெள்ளையின் தொடக்கம் தெரியும். அடுத்த பார்வை அடுத்த வெள்ளைக்கு ஒரு பிக்சல் முன்னால் விழும். அதற்கடுத்தது இன்னும் ஒன்று முன்னால். இப்படி நகர்ந்து நகர்ந்து, ஆறு கட்டங்கள் கடந்த பிறகே பழைய இடத்துக்கு வரும். ஆறு கட்டங்களைக் காட்ட வேண்டிய இடத்தில் அகலமான ஒரே பட்டை. துணியின் சாய்வுக்கேற்ப அது வளைகிறது. நான் துல்லியம் என்று நினைத்தது, ஆறில் ஐந்தைக் காணாமல் விட்டதன் விளைவு. அதன் மேல் ஏற்றிய ஷார்ப்பன் அந்தப் பட்டைக்கு இன்னும் கறுப்பாகக் கரை கட்டியிருந்தது.

பைலினியர் உதவவில்லை. இந்த மென்பொருளில் அது அருகிலுள்ள நான்கு பிக்சலை மட்டுமே கலக்கிறது. பட்டை மங்கியதே தவிர மறையவில்லை. லான்சோஸ், எவ்வளவு சுருக்குகிறோமோ அதற்கேற்பப் பரப்பை விரித்துக்கொண்டு, ஆறு மடங்கு என்றால் நீளத்தில் முப்பத்தாறு, அகலத்தில் முப்பத்தாறு பிக்சலை எடைபோட்டுச் சேர்த்து ஒரு புள்ளியாக்குகிறது. அதில் போட்டேன். பட்டைகள் போயின. கூடவே கட்டமும் போயிற்று. இரண்டடி தள்ளி நின்று பார்க்கும் இளஞ்சிவப்புதான் திரையில் இருந்தது. அதுதான் சரி, ஒரு பிக்சலைவிடச் சற்றே பெரிய கட்டத்தை அந்த அளவில் யாராலும் காட்ட முடியாது. ஆனால் கட்டத்தையே காட்டாத படத்தைப் பெரியப்பாவிடம் எப்படிக் கொண்டுபோவது?

அறைக்கு வெளியே பெரியம்மாவின் குரல் கேட்டது. “அந்தத் தறிக்காரருக்குக் கண்ணுல பொரை விழுந்துருக்கும். அதான் நூலு மாறுது. வேற ஆளப் பாக்கச் சொல்லு.” யாரோ ஆமோதித்தார்கள். நான் எழுந்து கதவை மூடினேன். மூடிய பிறகு அந்த அறையில் காற்று இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மறுபடி திறக்கவும் மனம் வரவில்லை.

மூலப் படத்தில் சேலையின் முந்தியிலிருந்து இரண்டாயிரம் பிக்சல் அகலமுள்ள ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்தேன். அதை ஆயிரத்துக்குச் சுருக்கினால் பாதிதான். லான்சோஸில் கட்டம் தங்கியது, கொஞ்சம் சோர்ந்துபோய். சுருக்கிய பிறகு ஷார்ப்பன். பழக்கத்தில் முதலில் அதிகமாக ஏற்றிவிட்டேன். ஜரிகைக் கரையின் ஓரம் நெடுக வெள்ளைக் கோடு கிழித்ததுபோல் வந்தது. அழித்தேன். ஷார்ப்பன் பரவும் ஆரத்தை அரை பிக்சலுக்கு இறக்கி, அதன் வலிமையைப் பாதிக்கும் குறைவாக வைத்தேன். கோடு இல்லை. கட்டங்கள் தனித்தனியாக நின்றன. திரும்பி வந்த சேலை ஒன்றை மடியில் விரித்து, படத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அடுத்த நாள் மாலை, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பெரியப்பாவைப் பின்னறைக்கு அழைத்தேன். பழைய படம், அளவை மாற்றினால் இடம் மாறும் பட்டை, புதிய முழுப் படம், அருகில் எடுத்த துண்டு. நான்கையும் காட்டினேன். குறைவாகத்தான் பேசினேன். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“அப்ப இந்த வளைவு எங்கனயும் இல்லியா?”

“இல்ல பெரியப்பா. நான் சுருக்குனதுல வந்தது.”

“எத்தன சேலைக்கு இப்படி?”

“பொடிக்கட்டம், பொடிக்கோடு எல்லாத்துலயும் இருக்கு. எல்லாத்தையும் திரும்பச் செய்யணும்.”

அவர் நிமிர்ந்தார். “சரி. செஞ்சிரு. அவருக்குப் பாவைக் குடுத்துருவோம். ஆனா ஏத்தா, இத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத. கடை படமே பொய்யின்னு ஆயிப்போகும்.”

“அவருகிட்டயாச்சும்...”

“பாவு கெடைச்சாப் போதும் அவருக்கு. அத நான் பாத்துக்கிறேன்.”

அவருக்குப் பாவு கிடைக்கப்போகிறது, அதற்கு மேல் பேச எனக்கு இடமில்லை. அவர் வீட்டில் சாப்பிடுகிறேன், அவர் வீட்டில் படிக்கிறேன். தலையை ஆட்டினேன்.

நெசவாளர் இரண்டு நாள் கழித்து வந்தார். பெரியப்பா பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தார். “போனது போகட்டும்ண்ணே. இந்தத் தடவ பாத்து நெய்யுங்க,” என்றார்.

பாத்து நெய்யுங்க. அந்தச் சொல்லில் குற்றம் மறுபடி அவர் தலையில் போய் உட்கார்ந்தது. நெசவாளர் பாவைத் தூக்கவில்லை. அதைக் கையால் தடவிக்கொண்டே நின்றார்.

“பாத்துத்தான் மொதலாளி நெய்யிறேன். நாலு நாளா வேற வேல பாக்கல. தறியில இருந்த மிச்சத்த வெளிச்சத்துல வச்சு வச்சுப் பாத்தேன். வளைவு இருக்கு, எனக்குத்தான் தெரியலயோன்னு ஆயிப்போச்சு. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில கண்ணக் காட்டிட்டு வந்தேன். நல்லாருக்குங்கறாக. அப்புறமும் நம்பிக்க வரல.”

நான் கதவருகே வந்திருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

“உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு,” என்றேன். “வளைவு சேலையில இல்ல. நான் படத்தச் சுருக்குனதுல வந்தது. தப்பு என்னோடது.”

பெரியப்பா என் பக்கம் திரும்பவில்லை. நெசவாளர் திரும்பினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

“நீ சுருக்குனியா தாயி?” என்றார். “அந்தப் படத்தச் சுருக்காம காட்ட முடியுமா?”

அழைத்துப்போய்க் காட்டினேன். முழு அளவில் பெரிதாக்கிய மூலப் படத்தின் முன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். விரலைத் திரையில் படாமல் வைத்து எண்ணினார்: ரெண்டு வெள்ள, ரெண்டு சேப்பு, ரெண்டு வெள்ள. எண்ணி முடித்ததும் பெருமூச்சு விட்டார். வெளியே போய்ப் பாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

பெரியப்பா அன்றைக்கும் மறுநாளும் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் பெரியம்மா மூலம் செய்தி வந்தது: பொடிக்கட்டம் மொத்தமும் திருத்தி முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போக வேண்டாம். ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்து தேர்வு இருக்கிறது என்று சொன்னேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த படத்தைத் திறந்தேன். லான்சோஸ், ஆயிரம், பிறகு அரை பிக்சல். அலமாரியிலிருந்து அந்தச் சேலையை எடுத்து, முந்தியை விரித்து, இழைகளை எண்ணத் தொடங்கினேன்.