இடி நேரத்தில் பிடுங்கிய மோடம்

கேத்தரின் அக்காவின் குரலைக் கேட்காமல் எங்கள் பகுதியில் யாரும் கண் அறுவை சிகிச்சைக்குப் போனதில்லை. எங்கள் அறக்கட்டளை மருந்தகத்தின் முன்மேசை அவருடையது. மாதம் ஒருமுறை நோயாளிகளை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கீழே இருக்கும் கண் மருத்துவமனைக்குப் பேருந்து போகும். அதற்கு முந்தைய நாள் ஒவ்வொருவரையும் அவரே போனில் கூப்பிடுவார்.

"ஏலே, நீ சின்னத்தாயி மகன்தானே? அம்மாட்டக் குடு. கேரட்ட பெறகு புடுங்கிக்கலாம், பஸ்சு நாளைக்கு வெள்ளனே கெளம்பிரும்னு சொல்லு."

அந்த மேசைக்கு வருவதற்கு முன் அவர் மூஞ்சிக்கல்லில் ஒரு லாட்ஜில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தார். மார்கழித் தண்ணீரில் விரல்கள் வீங்கி, மோதிரத்தை வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டதாம். கணவர் இறந்த பிறகு அணிந்திருந்த ஒரே நகை அது. மருந்தகத்தில் வேலை கிடைத்ததைப் பற்றி என்னிடம் ஒருமுறை, "இங்க தண்ணியில கை வைக்க வேணாம்ல தம்பி, அதாம் எனக்குப் பெருசு" என்றார். வேலை ஒப்பந்த வேலை. ஒவ்வொரு வருடமும் நிர்வாகி ராபின் சார் கையெழுத்துப் போட்டால்தான் நீளும்.

போன வருடம் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜேசன், நோயாளிகளுக்குத் தானாகவே குறுஞ்செய்தி போகும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தார். பேருந்துக்கு முந்தைய நாள் மாலை நான்கு மணிக்கு அது தானே ஓடும். யாருக்காவது விட்டுப்போயிருந்தால் ஏழு மணிக்கு இன்னொரு முறை ஓடும். அக்கா இனிக் கூப்பிட வேண்டாம், எண்களைக் கணினியில் பதிந்தால் போதும் என்று ராபின் சார் சொல்லிவிட்டார். பிறகு ஜேசன் பெங்களூருக்குப் போய்விட்டார். அந்த நாற்காலிக்கு நான் வந்தேன். பெரும்பாறையில் மிளகு பறிக்கிற வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் என்பதைத் தவிர, எனக்கென்று பெரிய தகுதி எதுவும் இருந்ததாக நான் நம்பியதில்லை.

ஐப்பசி மாதப் பேருந்து பாதி காலியாகப் போனது. கீழேயிருந்து மருத்துவமனைக்காரர்கள் போனில் கத்தினார்கள். இனி இப்படி நடந்தால் உங்கள் ஊருக்கு வண்டியே வராது என்றார்கள். ராபின் சார் தன் கைப்பேசியைக் காட்டினார். ஸ்கிரிப்ட் ஓடி முடிந்ததும் அவருக்கு ஒரு சுருக்கம் வரும். எல்லோருக்கும் அனுப்பப்பட்டது என்று அதில் இருந்தது.

"அனுப்புனது போயிருக்கு. வரலைன்னா என்ன அர்த்தம்? நம்பர தப்பாப் போட்டிருக்கீங்க, கேத்தரின்" என்றார்.

"இல்ல சார். ஒவ்வொண்ணையும் திருப்பிச் சொல்லச் சொல்லித்தான் போட்டேன்."

"அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா? அடுத்த வாரம் உங்க பேப்பர் என் டேபிளுக்கு வரும். பாப்போம்."

அன்று மதியம் வில்பட்டியிலிருந்து சின்னத்தாயி வந்து நின்றார். புரை விழுந்த கண்ணுக்கு நேராகக் கைப்பேசியைத் தூக்கி ஆட்டினார்.

"ஏம்மா, வான்னு ஒரு வார்த்த சொல்லல. ஏன் வரலன்னு மட்டும் கேக்குறீக? இது என்ன நாயம்? கூப்புடாத கல்யாணத்துக்கு மொய் எழுதலன்னு சண்டைக்கு வர்ற மாரில இருக்கு!"

அக்கா அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டார். நான் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். பேருந்து போன பிறகு, வராதவர்களுக்குப் போகிற 'நீங்கள் வரவில்லை' செய்தி வந்திருந்தது. நாளை வாருங்கள் என்ற செய்தி வரவே இல்லை. இரண்டும் ஒரே எண்ணுக்குத்தான் போக வேண்டும். ஒன்று வந்திருக்கிறது என்றால் எண் சரி.

"அக்கா, உங்க மேல தப்பில்ல. லாக்க எடுத்துப் பாத்தா தெரிஞ்சிரும்" என்றேன்.

"அது என்ன தம்பி?"

"ஓடும்போது என்னென்ன செஞ்சதுன்னு அதுவே எழுதி வெச்சிருக்கும்."

அதை இதற்கு முன் யாரும் திறந்ததில்லை. ராபின் சாருக்குச் சுருக்கம் போதும். எனக்கும் அதுவரை போதுமானதாக இருந்தது. அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

நான்கு மணி ஓட்டம். ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு வரிகள்: 'அனுப்பியதாகக் குறித்தாயிற்று', அதன் கீழ் 'அனுப்பப்பட்டது'. வரிசையாக அப்படியே போயின. நடுவில் ஓரிடத்தில் இரண்டாவது வரி மாறியது: 'இணைப்பு இல்லை'. அதற்கடுத்த ஆளுக்கும் அதேதான். 'குறித்தாயிற்று, இணைப்பு இல்லை' என்று கடைசிப் பெயர் வரைக்கும் இருந்தது. சின்னத்தாயி அந்தப் பாதியில் இருந்தார்.

ஏழு மணி ஓட்டத்தில் இணைப்பு இருந்தது. ஆனால் எல்லாப் பெயருக்கும் ஒரே வரிதான்: 'ஏற்கெனவே அனுப்பப்பட்டது, விடப்பட்டது'.

எனக்குப் புரிந்துவிட்டது. ஜேசன் முதலில் குறி போட்டுவிட்டுப் பிறகு அனுப்புகிறார். அனுப்புவது தோற்றாலும் குறி நிற்கிறது. ஏழு மணிக்கு ஓடுவது குறியைப் பார்த்து நகர்ந்துவிடுகிறது. சுருக்கமும் குறிகளைத்தான் எண்ணுகிறது. என் மார்பில் ஒரு சந்தோஷம் எழுந்தது. அக்காவைக் காப்பாற்றிவிட்டேன் என்று திரும்பினேன்.

அவர் இணைப்பு அறுந்த வரியின் நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு இடி இடிச்சுச்சுல்ல தம்பி" என்றார். "நாந்தான் மோடத்தப் புடுங்கினேன்."

மலையில் இடி கேட்டால் எல்லோரும் முதலில் பிளக்கிடம்தான் ஓடுவார்கள். முந்தைய மழைக்காலத்தில் இணையம் தருகிற எங்கள் மோடம் ஒன்று கருகிப்போன பிறகு, இடி வந்தால் முன்மேசைக்காரர் பிடுங்க வேண்டும் என்று சார்தான் எழுதி ஒட்டியிருந்தார். கணினி யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. மழை விட்டதும், வீட்டுக்குப் போவதற்கு முன், அக்கா மறக்காமல் மீண்டும் மாட்டியிருக்கிறார்.

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமா என்று இன்றும் யோசிக்கிறேன். இணைப்பு போனது, மலையில் அது வழக்கம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் ராபின் சார் அறைக்குள் நான் குறியைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போது, "இணைப்பு ஏன் போச்சு?" என்று அவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"நான் புடுங்கினேன் சார். நீங்க ஒட்டுன தாள்ல இருக்கிறபடி."

"நாலு மணிக்கு மெசேஜ் போகும்னு தெரியும்ல?"

"தெரியும் சார். இடியும் நாலு மணிக்குத்தான வந்துச்சு."

"சார், புடுங்குனது பிரச்சினையே இல்ல" என்றேன். "குறி போடாம இருந்தா ஏழு மணிக்கு மிச்சப் பேருக்குப் போயிருக்கும். தப்பு ஸ்கிரிப்ட்ல."

"எழுதுனவன் இங்க இல்ல, ஆனந்த். கீழ இருக்கிறவங்களுக்கு நான் யாரக் காட்டுறது? ஸ்கிரிப்ட்டயா?"

அக்கா சேலைத் தலைப்பில் விரல்களைச் சுற்றிக்கொண்டார்.

அன்றே ஸ்கிரிப்டில் இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். முதலில் அனுப்பு, போனால் மட்டும் குறி போடு. அவ்வளவுதான் வேலை. அதைச் செய்ய ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அடுத்த வாரம் அக்காவின் காகிதத்தில் சார் கையெழுத்துப் போடவில்லை. வாதாட எனக்கு என்ன தெரியும்? என்னுடையதும் ஒப்பந்தம்தான். அதனால்தான் இன்னும் சத்தமாகப் பேசவில்லையோ என்று கேட்டுக்கொள்கிறேன். பதில் எனக்குப் பிடித்ததாக இல்லை.

கார்த்திகைப் பேருந்துக்கு முந்தைய நாளும் நான்கு மணிக்கு இடி வந்தது. முன்மேசையில் யாரும் இல்லை. நானே எழுந்துபோய் மோடத்தைப் பிடுங்கினேன். லாக்கில் 'இணைப்பு இல்லை' வரிகள் ஓடின. மழை விட்டதும் மாட்டினேன். ஏழு மணிக்கு மிச்சம் அத்தனை பேருக்கும் போனது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பேருந்து ஆள் நிறைந்து போன பிறகு மூஞ்சிக்கல் பக்கம் நடந்தேன். அந்தப் பழைய லாட்ஜின் பின்புறம் அக்கா மறுபடி போர்வை பிழிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எல்லாருக்கும் போச்சா தம்பி?"

"போச்சுக்கா."

"சின்னத்தாயி வந்துச்சா?"

"மொத ஆளா வந்து உக்காந்துச்சு."

"நல்லது" என்றார். "வெரசாப் போ, மழ வரப்போகுது." பிறகு அடுத்த போர்வையை வாளிக்குள் அமுக்கினார்.